பலகையில் கடைசிக் கட்டம்

அன்பின் முந்தல் சொந்தங்களே,

போன கிழமை பாடசாலையில் எமக்கு நடந்த சேவை நலன் பாராட்டு வைபவத்தில் பேசுவதற்குப் பத்து நிமிடம் தந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் சாப்பாடு வந்து இறங்கிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மண்டபத்தில் யாருடைய காதும் எம்மிடம் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, எமது மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆகவே பேசியதையும் பேசாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு, பொறுத்துக் கொள்ளுங்கள்.

எம்மைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் தமிழ்ப் பாடம் படிப்பித்ததைச் சொன்னார்கள். ஆனால் பழைய மாணவர்கள் கடைத்தெருவில் எம்மைப் பிடித்து நிறுத்தினால் கேட்பது அதுவல்ல. "சேர், இன்னமும் கட்டம் போடுறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைக் கூட்டத்துக்கு முன்பு அறிவித்தல் பலகையில் நாம் ஒட்டிவந்த குறுக்கெழுத்துப் புதிரைச் சொல்கிறார்கள். பாடசாலையை விட்டு ஓய்வு பெறுவதை விட அந்தப் பலகையை விட்டு ஓய்வு பெறுவதுதான் எமக்கு உறைக்கிறது.

தொடங்கிய நாட்களில் எமக்கும் சாதாரணக் குறிப்புத்தான் தெரியும். "இலங்கையின் நீளமான நதி (5)" என்று எழுதுவோம். மகாவலி என்று எண்ணிப் பார்த்தால் ம, கா, வ, லி, நான்கு எழுத்துத்தான் வரும். அப்படி ஒரு பிழையோடுதான் முதலாவது புதிர் பலகைக்கு ஏறியது! அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கணித ஆசிரியர். அந்த மாதிரிக் குறிப்பு பொது அறிவுப் பரீட்சை போன்றது. தெரிந்த பிள்ளை நிரப்பும், தெரியாத பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். யோசிக்க அதில் எதுவும் இல்லை.

பிறகுதான் எங்கள் ஆங்கில ஆசிரியர் நண்பர் இங்கிலாந்துப் பத்திரிகைப் புதிர்களைக் காட்டினார். அங்கே ஒரு குறிப்புக்குள் இரண்டு வழி இருக்கும். ஒரு வழி விடையின் பொருளைச் சொல்லும். மற்ற வழி எழுத்துகளால் அதே விடையைக் கட்டிக் காட்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டு வேறெதையோ பற்றிப் பேசும் ஒரு சாதாரண வசனம் போல நிற்கும். தமிழிலும் இதைச் செய்யலாம் என்று எமக்குத் தைரியம் தந்தது அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' சஞ்சிகை. அதில் வாஞ்சிநாதன் என்பவர் இந்த வகைக் குறிப்புகளோடு தமிழில் புதிர் அமைத்து வந்தார்.

எமது குறிப்புகளில் எமக்கே பிடித்த ஒன்றைச் சொல்கிறோம். "தவம் கலைந்ததால் நடந்த கொலை (3)." வாசித்தால் முனிவர் ஒருவர் கோபத்தில் யாரையோ கொன்றுவிட்ட கதை போல இருக்கிறது. முனிவரை மறந்துவிடுங்கள். 'தவம்' என்ற சொல்லையே கலைத்துப் பாருங்கள். த, வ, ம் என்பது வ, த, ம் ஆகும். வதம் என்றால் கொலை. குறிப்பில் ஒரு சொல் கூட மிச்சமில்லை, ஒரு சொல் கூடப் பொய்யில்லை. இதே வழியில் "குழம்பிக் கிடக்கும் நகரம், பாவிகள் சேரும் இடம் (4)" என்றும் எழுதினோம். கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்த தகப்பன்மார் இதைப் பார்த்துவிட்டு, குழப்பத் தேவையில்லை சேர், அது ஏற்கெனவே நரகம்தான் என்றார்கள்.

எழுத்தைக் கலைக்கும்போது தமிழில் ஒரு பொறி உண்டு. கவலையைக் கலைத்தால் கலவை வரும் என்று பல பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கட்டத்தில் போட்டுப் பாருங்கள். கவலை என்பது க, வ, லை. கலவை என்பது க, ல, வை. ஒன்றில் இருக்கும் 'லை' மற்றதில் இல்லை. எமது கட்டத்தில் ஒரு பெட்டிக்குள் முழு எழுத்து குடியிருக்கிறது. அதன் கொம்பையும் காலையும் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியாது.

சொல்லுக்குள் சொல்லை ஒளித்து வைப்பது பிள்ளைகளுக்கு அதிகம் பிடிக்கும். "கற்பனையில் நிற்கும் மரம் (2)" என்றால் க, ற், ப, னை என்று எழுதிப் பார்த்தவுடன் பனை தலையை நீட்டும். "அம்மா மிகவும் மறைத்த உறவு (2)" என்று ஒருமுறை போட்டோம். 'அம்மா மிகவும்' என்பதைச் சேர்த்து எழுதினால் நடுவில் மாமி இருக்கிறார். அன்று பின்னேரம் ஒரு தாய் பாடசாலைக்கு வந்து, எங்கள் குடும்ப விஷயம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் கேட்டார்.

எங்கள் பேச்சில் மட்டும் வேலை செய்யும் குறிப்புகளும் உண்டு. "அண்ணன் பறக்கிறார், திரும்பி வந்தாலும் அவரேதான் (3)." சில வீட்டில் மூத்தவர் நானா, சில வீட்டில் காக்கா. கா, க், கா என்பதைப் பின்னாலிருந்து வாசித்தாலும் காக்காதான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு இதை அனுப்பினோம். பறவை வந்தது, அண்ணன் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் இரண்டு நாள் முழித்தார். எங்கள் ஊரையும் விடவில்லை. "ஒருநாளும் பிந்தாத ஊர் (4)." புத்தளம் வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று பிந்தி வந்த பிள்ளைகள்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள்.

இனி கட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குறிப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் புதிர் போடுபவனின் நித்திரை கெடுவது கட்டத்தில்தான். முதலில் கட்டம் நிரம்பவேண்டும். அதற்குப் பிறகுதான் குறிப்பு. ஆங்கிலத்தில் 26 எழுத்து. பெரும்பாலும் எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் வரும். எங்களுக்கு 247. எண்ணிக்கை பெரியது என்பது மட்டும் கஷ்டமல்ல, எழுத்துகளுக்கு இடம் குறித்து வைத்திருக்கிறது இலக்கணம். அ, ஆ, இ போன்ற உயிர் எழுத்து சொல்லின் தொடக்கத்தில் மட்டும் நிற்கும். க், ம், ல் போன்ற மெய் எழுத்து ஒருபோதும் தொடக்கத்தில் நிற்காது. உயிர்மெய்யிலும் ட, ள, ண, ற போன்றவை தமிழ்ச் சொல்லைத் தொடங்கி வைக்காது. வகுப்பில் இதை நன்னூல் விதி என்று சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கட்டம் போடச் சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் தாங்களாகவே விதியைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு சின்னக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஐந்து. சதுரக் கொப்பியில் பென்சிலால்தான் போடவேண்டும், பேனையால் போடுபவர் கர்வம் பிடித்தவர். புத்தளம் என்ற சொல்லை உள்ளே வைக்கவேண்டும் என்று ஆசை. பு, த், த, ள, ம், சரியாக ஐந்து. முதல் வரிசையில் போட்டோம். போட்டவுடன் வலது மூலை இறந்துவிட்டது. ஏனென்றால் அந்த மூலையில் 'ம்' இருக்கிறது, அந்த மூலையிலிருந்துதான் ஒரு சொல் கீழே இறங்கவேண்டும். 'ம்' இல் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? தமிழில் பெயர்ச்சொற்கள் 'ம்' இல் முடிவது மிக அதிகம். புதிதாகக் கட்டம் போடும் ஒவ்வொருவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். 'ம்' இலும் 'ல்' இலும் முடியும் சொற்கள் நடுவிலோ அடியிலோ இருக்கட்டும். மேல் வரிசைக்கு கு, து, தி, கை என்று முடியும் சொல்லைத் தேடு.

தேடினோம். எங்கள் மாகாணம் வடமேல், திசை வடமேற்கு. வ, ட, மே, ற், கு, ஐந்து எழுத்து. கடைசி 'கு', அதிலிருந்து நூறு சொல் இறங்கும். மூன்றாவது வரிசையில் புத்தளம் வந்தால் அதன் 'ம்' வலது நிரலின் நடுவில் விழும். கு இல் தொடங்கி மூன்றாவது 'ம்' வரும் ஐந்தெழுத்துச் சொல் என்ன? குடும்பம். அந்த நிமிடத்தில் வருகிற சந்தோசம் இருக்கிறதே, அதைப் பேச்சில் சொல்ல முயன்றோம், சாப்பாட்டு வாசம் வந்துவிட்டது.

நடு நிரலில் மே, பிறகு ஓர் இடைவெளி, பிறகு புத்தளத்தின் த. மேல்தளம் வந்து உட்கார்ந்தது. இப்போது கடைசி வரிசையில் மூன்றாவது இடத்திலும் ஐந்தாவது இடத்திலும் 'ம்' வந்துவிட்டது. ஆரம்பம் சரியாகப் பொருந்தியது. இடது நிரலில் வ, அதற்குக் கீழே ஒன்று, பிறகு பு. வம்பு! ஆனால் அங்கேதான் உண்மையிலேயே வம்பு வந்தது. கடைசி வரிசை 'ஆ' வில் தொடங்குகிறது. உயிரெழுத்து. மேலேயிருந்து வரும் எந்தச் சொல்லும் 'ஆ' வில் முடியாது. ஆகவே அதற்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி வைத்துத்தான் ஆகவேண்டும். அதைத் திருப்பிப் பாருங்கள்:

வ  ட  மே  ற்  கு
ம்  ■  ல்  ■  டு
பு  த்  த  ள  ம்
■  ■  ள  ■  ப
ஆ  ர  ம்  ப  ம்

நல்ல கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புப் பெட்டிகள் அதே இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஆங்கிலப் பத்திரிகைகளின் வழக்கம். இதில் நான்காவது வரிசையின் முதல் பெட்டி கறுப்பு, அதற்கு எதிரே இரண்டாவது வரிசையின் கடைசிப் பெட்டி வெள்ளை. ஒரே ஒரு பெட்டியால் சமநிலை போய்விட்டது. இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் ஆரம்பத்தைக் கைவிடவேண்டும். நாம் கைவிடவில்லை. இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறோம். புத்தளம், மேல்தளம் என்று ஒரே கட்டத்தில் 'தளம்' இரண்டு முறை வந்திருக்கிறது, அதுவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. கண்டிப்பான புதிர்க்காரர் இதை ஏற்கமாட்டார். புத்தளம் ஊர்ப்பெயர்தானே என்று நாம் எம்மையே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

குறிப்புகளைப் பாருங்கள். வம்புக்கு, "அம்பின் தலை மாறினால் சண்டை (3)". புத்தளத்துக்கு, "இரண்டாம் எழுத்து உதிர்ந்த புதுத்தளம், நம் மாவட்டம் (5)". புதுத்தளத்தில் 'து' வை எடுத்தால் புத்தளம் மிச்சமாகிறது. குடும்பத்துக்கு, "கும்பத்துள் வீட்டின் கடைசி விழுந்தால் மனைவி மக்கள் (5)". வீட்டின் கடைசி எழுத்து டு, அது கும்பத்துக்குள் போனால் குடும்பம். வடமேற்கும் மேல்தளமும் நேரான குறிப்பில் போகட்டும். எல்லாம் வளைந்தால் சின்ன வகுப்புப் பிள்ளை எங்கே பிடித்துக்கொண்டு ஏறும்?

ஆரம்பத்துக்கு மட்டும் கவனம் வேண்டும். அந்த வரிசையில் மற்றச் சொற்கள் உதவி செய்வது இரண்டே இடத்தில், அந்த இரண்டும் 'ம்'. இரண்டு சாட்சி வந்து ஒரே விஷயத்தைச் சொன்னது மாதிரி. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் குறிப்பு தனியாக நின்று விடையை நிரூபிக்கவேண்டும். "பசுவை அடுத்து மரம் அறுக்கும் வாள், இதுதான் தொடக்கம் (5)." பசு என்றால் ஆ. மரம் அறுக்கும் வாளுக்கு இன்னொரு பெயர் ரம்பம். ஆ, ரம்பம், ஆரம்பம். மனதில் வந்துவிட்டால் வேறு விடைக்கு இடமே இல்லை.

இந்தக் கவனம் எமக்குப் புத்தகத்தால் வரவில்லை. ஒரு பிள்ளையால் வந்தது. வைபவத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறோம்.

பல வருடத்துக்கு முன்பு. அந்தத் தவணையில் புதிரை முதலில் சரியாக நிரப்புபவருக்கு ஒரு பேனை என்று அறிவித்திருந்தோம். ஒரு குறிப்பு, "களப்பில் அள்ளுவது (3)". நாம் நினைத்தது இறால். மூன்றாவது எழுத்தான 'ல்' மட்டும் குறுக்கே வந்த சொல்லில் மாட்டியிருந்தது. எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் நிரப்பி முதலில் கொண்டுவந்தது. எல்லாம் சரி, அந்த ஒன்றைத் தவிர. அதில் 'மணல்' என்று எழுதியிருந்தது. நாம் சிவப்புப் பேனையால் பிழை போட்டோம். பேனை இரண்டாவதாக வந்த பையனுக்குப் போயிற்று.

"சேர், இது எப்பிடிப் பிழையாகும்? எங்கட வாப்பா மணல்தானே அள்ளுற" என்றது பிள்ளை.

"விடை இறால்" என்றோம்.

"அது உங்கட தாளில இருக்கிற விடை சேர்."

அந்த வசனத்துக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. மணியடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினோம். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துப் பார்த்தோம். ம, ண, ல். மூன்று எழுத்து. கடைசி ல். களப்பில் அள்ளுவதுதான். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் எமது விடைக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ அவ்வளவு உரிமை அந்தப் பிள்ளையின் விடைக்கும் இருந்தது. எமது விடை சரி என்பதற்கு ஒரே ஆதாரம், அது எமது கொப்பியில் இருந்தது என்பதுதான்.

இதே விஷயம் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்று பிறகுதான் அறிந்தோம். இந்தியாவில் ஒரு காலத்தில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி பெரும் பித்தாக இருந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கி, பெரிய பரிசு அறிவித்து நடத்துவார்கள். இரண்டு மூன்று சொல் பொருந்தக்கூடிய விதமாகக் குறிப்பு இருக்கும். எது சரி என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். அறிவு எவ்வளவு இருந்தாலும் கடைசியில் சூதாட்டம்தான். 1955இல் இந்திய அரசு 'பரிசுப் போட்டிகள் சட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, குறுக்கெழுத்துப் போட்டியைப் பெயர் குறிப்பிட்டே அதில் சேர்த்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கும் எமக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள், நாம் கவனமில்லாமல் செய்தோம். பிழை என்று சிவப்புக்கோடு வாங்கிய பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் புதிருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஒற்றை ஒட்டினோம். போன வாரக் குறிப்பு பிழை, மணல் என்பதும் சரி, பிழை நம்முடையது என்று எழுதினோம். பையனிடம் கொடுத்த பேனையைத் திருப்பி வாங்குவது நியாயமில்லை. ஆகவே இன்னொரு பேனை வாங்கிக்கொண்டு எட்டாம் தரத்துக்குப் போனோம். பிள்ளை அதை வாங்கவில்லை. "பேனை வேணாம் சேர். இதில சரி போட்டுத் தாங்க" என்று பழைய ஒற்றையை நீட்டியது. அதை நாலாக மடித்துத் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்திருந்தது. சிவப்புக்கோட்டுக்கு மேலேயே சரி போட்டோம். கை கொஞ்சம் நடுங்கியது.

அன்றிலிருந்து எமது வேலை முறை மாறிவிட்டது. கட்டத்தையும் குறிப்பையும் எழுதி மேசை லாச்சியில் ஒரு கிழமை போட்டு வைப்போம். பிறகு விடைகளை மூடிக்கொண்டு நாமே நிரப்பிப் பார்ப்போம். எழுதியவனே தடுமாறும் இடம் பிள்ளைகளுக்குப் பள்ளம். அதற்குப் பிறகு வீட்டில் கொடுப்போம். விடை கிடைத்ததும் அவர் "அட" என்றால் குறிப்பு தப்பியது. "அப்படியா?" என்று கேட்டால் அதை வெட்டிவிடுவோம். விளக்கம் சொல்லித்தான் ஏற்கவைக்க வேண்டும் என்றால் அது முத்திரையிட்ட உறைதான். வேறு விடை பொருந்துகிறதா என்று மட்டும் தனியாக ஒருமுறை பார்ப்போம், வேண்டுமென்றே வம்புக்காரன் போல இருந்து.

திங்கட்கிழமையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அதிபர் வைபவத்தில் கேட்டார். தற்செயல்தான். ஆனால் பிறகு ஒரு பெரிய மனிதரும் திங்கட்கிழமைக்காரர் என்று தெரிந்து மகிழ்ந்தோம். இங்கிலாந்தின் ரோஜர் ஸ்குவயர்ஸ். ரூஃபஸ் என்ற புனைபெயரில் கார்டியன் பத்திரிகையின் திங்கட்கிழமைப் புதிர்களை நீண்டகாலம் போட்டவர். உலகிலேயே அதிகம் புதிர் அமைத்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர். அவருக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கடற்படை விமானப் பிரிவில் இருந்தபோது 1961இல் அவருடைய விமானம் இலங்கைக்கு அப்பால் கடலில் விழுந்தது. மூழ்கிய விமானத்துக்குள்ளிருந்து வெளியேறி உயிர் தப்பினார். புதிர் போடுவதையே தொழிலாக்கிக் கொண்டது அதற்குப் பிறகுதான். எங்கள் கடல் அவரைத் திருப்பிக் கொடுத்திருக்காவிட்டால் எத்தனை இலட்சம் குறிப்பு இல்லாமல் போயிருக்கும்!

இலட்சம் என்பது மிகைப்படுத்தல் அல்ல. 2007 மே மாதம் அவருடைய இருபதாவது இலட்சம் குறிப்பு டெலிகிராஃப் பத்திரிகையில் வந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், முழங்காலுக்கு ஒருவராக, என்பது அதன் கருத்து. விடை முழங்காற் சில்லுக்கு ஆங்கிலப் பெயர், பட்டெல்லா. பாட் என்பது ஒரு பெண்ணின் பெயர், எல்லா என்பது இன்னொரு பெண்ணின் பெயர். முழங்காலுக்கு ஒன்று வீதம் இருப்பது சில்லு. மடியில் இரண்டு பெண்களை வைத்திருக்கும் ஆளை நினைக்கவைத்துவிட்டு, உடலியல் பாடத்துக்குக் கூட்டிச் செல்கிறார். அதிபர் முன்வரிசையில் இருந்ததால் இதையும் மேடையில் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் அவர் கார்டியனிலிருந்து ஓய்வு பெற்றார். 2023இல் காலமானார்.

அதே பத்திரிகையில் அரோகாரியா என்ற பெயரில் எழுதிய ஜோன் கிரஹாம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் ஒரு பாதிரியார், 1958 முதல் புதிர் போட்டவர். 2013 ஜனவரி 11ஆம் திகதி வந்த அவருடைய புதிரின் தலையில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. அரோகாரியாவுக்கு இந்த இலக்கம் இருக்கிறது, அது இந்த இலக்கத்தில் இருக்கிறது, இந்த இரண்டு இலக்கங்களால் அதற்குச் சிகிச்சை நடக்கிறது என்று வெறும் இலக்கங்களாகச் சொல்லியிருந்தார். வாசகர்கள் வழக்கம் போலப் பென்சிலோடு உட்கார்ந்து நிரப்பினார்கள். நிரப்பியபோது தங்கள் கையாலேயே புற்றுநோய், உணவுக்குழாய், வலி தணிக்கும் பராமரிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவருக்கு 91 வயது. அந்த வருடம் நவம்பரில் காலமானார். செய்தியாக வெளியிட்டிருந்தால் வாசித்து அனுதாபப்பட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அவரோடு குந்தியிருந்து யோசித்தவர்களுக்கு அதே பாசையில்தான் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார் போலும்.

எமக்கு அல்ஹம்துலில்லாஹ் சுகம்தான். முழங்காற் சில்லு மட்டும் மழைக்காலத்தில் முனகும். எமது கடைசிக் கட்டத்தை இன்று காலை ஒட்டிவிட்டு வந்தோம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கென்று ஒரு குறிப்பும் அதில் வைத்திருக்கிறோம். "ஆய்வின் தலை மாறினால் வேலை முடிந்தது (3)." அதை அவர்களே நிரப்பட்டும்.

பலகையின் சாவியைத் தரம் 10 பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்தோம். அவர்களுடைய முதலாவது கட்டத்தைக் காட்டினார்கள். மேல் வரிசையில் பெரிய எழுத்தில் புத்தளம் என்று போட்டு, வலது மூலையை உரசி உரசித் தாள் ஓட்டையாகியிருந்தது. நாம் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் கட்டத்தின் கடைசிக் குறிப்பை இங்கேயும் தருகிறோம். பெரியவர்கள் தயவுசெய்து கொமண்டில் எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள் முதலில் கண்டுபிடிக்கட்டும்.

"இத்தனை வருடமும் நீங்கள் எமக்குத் தந்தது, இன்று நாம் உங்களிடம் பெறுவது (2)."